நைலானும் பாலிஎத்திலீனும்: வினையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் வித்தியாசம்

சிறு மூலக்கூறுகள் சேர்ந்து நீளச் சங்கிலியாக, அதாவது பாலிமராக, ஆவதற்கு இரண்டு வழிகள்: நைலான் உருவாகும் படிவளர்ச்சி, பாலிஎத்திலீன் உருவாகும் சங்கிலிவளர்ச்சி. இந்த இரண்டையும் பாடநூல்கள் பெரும்பாலும் “தண்ணீர் வெளியேறுமா, வெளியேறாதா” என்று கேட்டுப் பிரித்துவிடும். அது நம்பத்தக்க அடையாளம் அல்ல. பாலியூரித்தேன் உருவாகும்போது எந்தச் சிறு மூலக்கூறும் வெளியேறுவதில்லை. ஆனாலும் அது படிவளர்ச்சிதான். சரியான சோதனை வேறு. வினையைப் பாதியில் நிறுத்தி, கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நைலான் 66-ஐ எடுத்துக்கொள்வோம். ஹெக்சாமெத்திலீன் டைஅமீனும் அடிபிக் அமிலமும் சம மோல் அளவில் சேர்கின்றன. அமீன் முனைகளில் 50 சதவீதம் வினைபட்டதும் நிறுத்தினால், டைஅமீன் மூலக்கூறுகளில் கால்வாசி இன்னும் தொடப்படாமலே இருக்கும். மீதி பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு அலகு நீளத் துண்டுகள். சராசரி நீளம் வெறும் 2 அலகு. நூலாக இழுக்க ஒன்றும் தேறாது.

பாலிஎத்திலீனில் அதே பாதியில் நிறுத்தினால், எத்திலீனில் பாதி எத்திலீனாகவே இருக்கும். மறுபாதி முழு நீளச் சங்கிலிகளாக முடிந்திருக்கும். நடுத்தர நீளத்தில் காத்திருக்கும் கூட்டம் என்று ஒன்று கிடையாது. ஒரு சங்கிலி தொடங்கினால், சுமார் ஒரு நொடியிலோ அதற்குள்ளோ ஆயிரம் அலகுகளைச் சேர்த்துக்கொண்டு இறந்துவிடும். அடுத்தது அதன்பின் எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம். பாதியில் நிறுத்தினால் குறைவது சரக்கின் அளவு. தரம் பெரிதாகக் குறையாது. உயர் அழுத்த ஆலைகள் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 35 சதவீதம் எத்திலீனை மட்டுமே மாற்றிவிட்டு, மீதியைத் திரும்ப அழுத்தியில் விடுவது இதனால்தான் சாத்தியமாகிறது.

நைலான்: கடைசி ஒரு சதவீதம்தான் வேலையே

படிவளர்ச்சியில் எந்த அமீன் முனையும், துண்டின் நீளம் எதுவானாலும், எந்த அமில முனையோடும் சேரலாம். நீளத்தைச் சொல்லும் கணக்கு எளியது:

```
Xn = 1 / (1 − p)
```

Xn என்பது சங்கிலியின் சராசரி நீளம், p என்பது வினைபட்ட முனைகளின் பங்கு. 95 சதவீதத்தில் சராசரி 20 அலகு, 98-இல் 50, 99-இல் 100, 99.5-இல் 200. நைலான் 66-இல் ஓர் அலகின் சராசரி நிறை 113. நூலுக்கு ஏற்ற 15,000 மூலக்கூறு எடை வேண்டுமென்றால் சுமார் 133 அலகுகள் தேவை. அதாவது 133 முனைகளில் ஒன்றுதான் மிச்சமிருக்கலாம். கரிம வேதியியல் ஆய்வகத்தில் 95 சதவீத விளைச்சல் கிடைத்தால் கொண்டாடுவார்கள். இங்கே அதே 95 கிடைத்தால், தொட்டால் பொடியும் மெழுகுதான் மிஞ்சும்.

இத்தோடு மோல் விகிதமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், வினை நூறு சதவீதம் முடிந்தாலும் எல்லா முனைகளிலும் அந்த மிகுதிப் பொருளே உட்கார்ந்துகொள்ளும். குறைந்த பொருளின் முனைகளை மிகுந்த பொருளின் முனைகளால் வகுத்துக் கிடைப்பதை r என்றால், உச்ச நீளம் (1 + r)/(1 − r). இரண்டு மோனோமர்களையும் தனித்தனியாக எடைபோட்டு இந்தத் துல்லியத்தைப் பிடிக்க முயல்வது வீண். டைஅமீன் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். எடைத்தட்டு காட்டுவதில் எவ்வளவு உண்மையான அமீன் என்று தெரியாது. அதனால் இரண்டையும் முதலில் ‘நைலான் உப்பு’ ஆக்குகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று சேர்ந்த இந்த உப்பில் விகிதம் தானாகவே 1:1. கரைசலின் pH-ஐப் பார்த்து மிச்சத்தைத் திருத்திவிடலாம்.

இப்போது 1 கிலோ உப்பை வைத்துக் கணக்குப் போடுவோம். அதில் 443 கிராம் டைஅமீன். சம எடைத் தண்ணீரில் கரைத்த இந்த உப்புக் கரைசலை முதலில் கொதிக்கவைத்து அடர்த்தியாக்கி, பிறகு மூடிய அழுத்தக் கலத்தில் சுமார் 210–220 °C-க்குக் கொண்டுபோகிறார்கள். அழுத்தம் ஏறக்குறைய 17–18 பாரில் நிற்கும்படி நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். கரைத்த தண்ணீர் போக, வினையே 137 கிராம் தண்ணீரைத் தரும். இந்தத் தண்ணீரை எப்படியும் வெளியேற்றத்தான் வேண்டும். அப்படியிருக்க, தொடக்கத்திலேயே திறந்துவிடாமல் அழுத்தத்தில் வைப்பது ஏன்? டைஅமீன் ஆவியாகக்கூடியது என்பதால்தான். அவசரப்பட்டு நீராவியை விட்டால் அதோடு டைஅமீனும் போய்விடும். அதில் 1 சதவீதம், அதாவது 4.4 கிராம் போனால், உச்ச மூலக்கூறு எடை சுமார் 22,500. இதைத் தாங்கலாம். 3 சதவீதம், ஏறக்குறைய 13 கிராம் போனால் r = 0.97, உச்ச நீளம் 66 அலகு, எடை 7,400. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் அந்த எண் ஏறாது. ஒரு கிலோ சரக்கை ஒரு மேசைக்கரண்டி அளவு இழப்பு கெடுத்துவிடுகிறது. அதனால் டைஅமீனின் ஒரு முனையாவது சங்கிலியில் மாட்டிக்கொள்ளும்வரை அழுத்தத்தை விடுவதில்லை. அதன் பிறகே அழுத்தத்தை மெல்ல இறக்கி, வெப்பத்தை 270 °C-க்கு மேல் ஏற்றி, மீதித் தண்ணீரை விரட்டுகிறார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகிற அளவுக்கு ஈடாகக் கொஞ்சம் டைஅமீனை முன்கூட்டியே கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு.

நீளத்தை வேண்டுமென்றே நிறுத்தவும் இதே கணக்குதான். ஒரு மோல் உப்புக்கு 0.01 மோல் அசிட்டிக் அமிலம் சேர்த்தால், 1 கிலோவுக்கு அது 2.3 கிராம். அசிட்டிக் அமிலத்துக்கு ஒரே முனை என்பதால், அது உட்கார்ந்த இடத்தில் சங்கிலி முடிந்தது. உச்சம் 22,700-ஐத் தாண்டாது. உருகிய நைலான் குழாய்களில் காத்திருக்கும்போது பாகுத்தன்மை ஏறிக்கொண்டே போகாமல் இருக்க இது உதவும்.

பாலிஎத்திலீன்: இங்கே ஓட்டப்பந்தயம்

சங்கிலிவளர்ச்சியில் இரண்டு மோனோமர்களைச் சமன்செய்யும் பிரச்சினையே இல்லை. நீளத்தைத் தீர்மானிப்பது ஒரு போட்டி: வளரும் முனை அடுத்த எத்திலீனைப் பிடிக்கும் வேகமா, அது நின்றுபோகும் வேகமா? சராசரியாக ஆயிரம் முறை பிடித்தபின் ஒரு முறை நின்றால் நீளம் ஆயிரம் அலகு, மூலக்கூறு எடை 28,000.

அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனின் உயர் அழுத்த முறையைப் பார்ப்போம். 1,000 முதல் 3,000 பார் அழுத்தம், 150 முதல் 300 °C வெப்பம், தொடக்கியாகப் பெராக்சைடோ ஆக்சிஜனோ. ஆக்சிஜன் இங்கே எவ்வளவு நுட்பமான சரக்கு என்பதற்கு இந்தப் பாலிமரின் பிறப்பே சாட்சி. 1933 மார்ச்சில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனைப் பென்சால்டிஹைடோடு அழுத்தியபோது வெள்ளை மெழுகு ஒன்று கிடைத்தது. ஆனால் அதை நம்பகமாகத் திரும்பச் செய்ய முடியவில்லை. 1935-இல் பெரின் மீண்டும் செய்தபோது கலம் கசிந்தது, எத்திலீனை மறுபடி நிரப்பினார்கள், அதில் கலந்திருந்த துளி ஆக்சிஜன் வினையைத் தொடங்கிவைத்தது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அதிகமானால் வெடிப்பு.

வெடிப்புக்குக் காரணம் வெப்பம். நைலான் கலத்துக்கு நாம்தான் வெப்பம் ஊட்ட வேண்டும், தண்ணீரை விரட்டவாவது. எத்திலீனோ இரட்டைப் பிணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் கொட்டும்: கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோஜூல். வெளியே எடுக்காவிட்டால், 1 சதவீத எத்திலீன் மாறியதுமே கலவை 12–13 °C சூடாகிவிடும். 20 சதவீதத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், 250 °C வருகிறது. உள்ளே குளிர்ந்த எத்திலீனை விட்டும், குழாய்ச் சுவர் வழியாகவும் இதைச் சமாளிக்கிறார்கள். ஓரிடத்தில் சூடு கைமீறினால் எத்திலீன் கார்பனாகவும் மீத்தேனாகவும் ஹைட்ரஜனாகவும் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவும் வெப்பத்தைக் கொட்டும் என்பதால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். அழுத்தம் பாய்ந்து, பாதுகாப்புத் தகடு கிழிந்து, கறுப்புக் கரித்தூள் வெளியேறும். நைலான் கலத்தில் தவறு நேர்ந்தால் மெழுகு. இங்கே நேர்ந்தால் ஆலை நிறுத்தம்.

நீளத்தைக் குறைக்க வேண்டுமா? புரொப்பேன், புரொப்பியோனால்டிஹைடு போன்ற சங்கிலி மாற்றியைக் கொஞ்சம் சேர்த்தால் போதும். அது வளரும் முனைக்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து நிறுத்திவிட்டு, தானே புதுச் சங்கிலியைத் தொடங்கும். வெப்பத்தை ஏற்றினாலும் நீளம் குறையும். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. முனை பின்னால் வளைந்து தன் சங்கிலியிலிருந்தே ஹைட்ரஜனைப் பிடுங்குவது அதிகரிக்கும். அந்த இடத்தில் நான்கு கார்பன் கொண்ட குட்டிக் கிளை முளைக்கும். கிளை அதிகமானால் படிகம் குறையும், அடர்த்தியும் இறங்கும். எனவே உருகிய சரக்கு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று 190 °C-இல் 2.16 கிலோ எடையின் கீழ் பார்க்கும் உருகு ஓட்ட எண் ஏறி, கூடவே அடர்த்தியும் இறங்கியிருந்தால், முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். எண் மட்டும் ஏறி அடர்த்தி அப்படியே இருந்தால், மாற்றியின் அளவைப் பாருங்கள்.

குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் செய்ய உதவும் சீக்லர் வகை வினையூக்கியில் கதை வேறு. தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, அசிட்டிலீன் ஆகியவை பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே வினையூக்கியின் உலோக மையங்களை அடைத்துவிடும். விளைச்சல் சட்டென்று சரியும். நைலானுக்குத் தண்ணீர் கரைப்பான். இதற்கு அதே தண்ணீர் நஞ்சு.

கெட்டதைத் திருத்த முடியுமா?

நடைமுறையில் எனக்கு மிகப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதுதான். நைலானின் முனைகள் சாவதில்லை. நீளம் குறைந்த நைலான் குருணையை உருகாமல், உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் 200 °C-ஐ ஒட்டிய வெப்பத்தில் வைத்தால், தண்ணீர் வெளியேறி முனைகள் மேலும் சேரும். ஆனால் சேர்வதற்கு இரண்டு வகை முனைகளும் இருக்க வேண்டும். அதை அமில-காரத் தரம்பார்த்தலில் தெரிந்துகொள்ளலாம். ஒரு கிலோவில் அமீன் 65, கார்பாக்சில் 65 மில்லிச்சமான அளவு என்றால் மொத்தம் 130. ஒரு சங்கிலிக்கு இரண்டு முனை என்பதால், இருபது லட்சத்தை அதால் வகுத்தால் எடை 15,400. இது நன்றாக வளரும். அமீன் 20, கார்பாக்சில் 110 என்றாலும் மொத்தம் அதே 130, எடையும் அதே 15,400. ஆனால் அமீன் தீர்ந்ததும் 90 கார்பாக்சில் முனைகள் துணையில்லாமல் நிற்கும். 22,200-ஐத் தாண்டாது. பாகுத்தன்மையை மட்டும் அளப்பவருக்கு இந்த இரண்டு குருணைகளும் ஒன்றாகவே தெரியும். அசிட்டிக் அமிலம் சேர்த்த சரக்கில் அடைபட்ட முனைகள் தரம்பார்த்தலில் அகப்படாது, அவற்றைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதே திருத்தும் குணம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஈரமான நைலானை வார்ப்பு இயந்திரத்தில் உருக்கினால் தண்ணீர் அமைடு பிணைப்பை வெட்டும். ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தாமல் போட்டால், பரப்பில் வெள்ளிக் கோடுகள் தோன்றும், துண்டும் எளிதில் முறியும். பாலிஎத்திலீன் அந்த ஈரத்தால் அறுபடாது. ஆனால் நீளம் குறைந்து வந்த பாலிஎத்திலீன் சங்கிலியை அதே போல் சூடாக்கி நீட்டவும் வழியில்லை. அதன் முனை வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அதிக நீளமுள்ள வேறொரு சரக்கோடு கலந்து சராசரியை உயர்த்தலாம், குட்டைச் சங்கிலிகள் குட்டையாகவே இருக்கும். இரண்டு நைலான் சரக்குகளைக் கலந்து உருக்கி வைத்தாலோ, அமைடு பிணைப்புகள் தமக்குள் இடம் மாறி, சிறிது நேரத்தில் ஒரே சரக்கு போல ஆகிவிடும்.