கல்யாண நகை, ஜவுளி, சீர் பட்டியல்: கணக்கு நோட்டா, கூகுள் ஷீட்டா?

சாமான், பட்ஜெட், பொறுப்பு, நிலை என்ற நான்கு கட்டங்களை நோட்டிலும் போடலாம், ஷீட்டிலும் போடலாம். வித்தியாசம் பளிச்சென்று தெரிவது நகையில்தான்.

3 பவுன் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால், 24 கிராமுக்கு 2,16,000. நோட்டில் பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான் எழுதுவார்கள். கடையிலோ சேதாரம் 10 சதவீதம் சேர்த்து, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் பில் 2,44,728 ஆகிவிடும். ஒரே சங்கிலியில் 28,728 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தப் பணம் கடைசியில் ஜவுளியிலிருந்துதான் போகும்.

ஷீட்டில் எடையை கிராமில் B-யிலும் சேதாரத்தை 10% என்று சதவீதக் குறியோடு C-யிலும் போட்டு, அன்றைய கிராம் விலையை H1-இல் மட்டும் எழுதுங்கள்:

```
=B2*$H$1*(1+C2)*1.03
```

விலை மாறினால் H1-ஐத் திருத்தினால் போதும், எல்லா நகையின் தொகையும் தானே மாறும். நோட்டில் இதற்கு ஒவ்வொரு வரியையும் அடித்து எழுத வேண்டும். முன்பணம் கட்டி விலையைப் பிடித்துவைத்த நகைக்கு மட்டும் $H$1-க்குப் பதில் பிடித்த விலையைப் போடுங்கள். செய்கூலியைத் தனியாகப் போடும் கடையென்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிலை கட்டத்தில் இரண்டுமே ஏமாற்றும். முகூர்த்தப் புடவைக்கு எதிரே 'வாங்கியாச்சு' என்று டிக் விழுந்திருக்கும்; ஃபால்ஸ் அடித்திருக்காது, குஞ்சம் கட்டியிருக்காது, ஆரி வேலைக்குக் கொடுத்த ரவிக்கை இன்னும் தையல்காரரிடம் இருக்கும். அதனால் 'அட்வான்ஸ்', 'பில் முடிந்தது', 'தையலில்', 'வீட்டுக்கு வந்தது' என்று நான்கு நிலை வையுங்கள். தையல் கூலிக்குத் தனி வரி வேண்டும், ஆரி வேலைக் கூலி சில சமயம் புடவை விலையையே எட்டிப் பிடிக்கும்.

பொறுப்பில் ஒரு வரிக்கு ஒரே பெயர். 'அத்தை, சித்தப்பா' என்று சேர்த்து எழுதினால் குத்துவிளக்கு இரண்டு ஜோடி வரும், அல்லது ஒன்றும் வராது. இதில் ஷீட்டுக்கென்று ஒரு ஆபத்தும் உண்டு. யாராவது பெயர்க் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால், பெயர்கள் இடம் மாறி வேறு சாமானோடு ஒட்டிக்கொள்ளும். அவரவர் வேலையை மட்டும் பார்க்க வடிகட்டி போதும். திருத்தும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள்.

நோட்டு ஜெயிக்கிற இடம் கடைதான். அட்வான்ஸ் ரசீது, ரவிக்கை அளவு, சம்பந்தி வீட்டில் யாருக்கு வேட்டி, யாருக்குப் புடவை என்ற பெயர் வரிசை எல்லாம் கையோடு இருக்கும். போனில் சார்ஜ் போனாலும் கவலையில்லை. கணக்கு ஷீட்டில் இருக்கட்டும், நோட்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய அன்றிரவே பில் தொகையை ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் இரண்டில் எது சரியென்று பில்லைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.