தினமும் வீடியோ காலா, வாய்ஸ் மெசேஜும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுமா?

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ராத்திரி தவறாமல் வீடியோ கால் பேசுவதுதான் பலர் வீட்டு வழக்கம். என் தங்கை வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான். மாப்பிள்ளை துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். இப்போது அவர்கள் வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு இரண்டாவதுதான் நல்லதென்று படுகிறது.

தினசரி காலில் முதல் சிக்கல் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர் வேலை முடிந்து, பஸ்ஸில் கேம்ப் வந்து, வரிசையில் நின்று குளித்து, சமைத்துச் சாப்பிட்டு போனை எடுக்க ஒன்பது மணி ஆகும். இங்கே பத்தரை. பிள்ளை தூங்கியிருக்கும், இவளும் பாதித் தூக்கத்தில் இருப்பாள். சிங்கப்பூர் என்றால் தலைகீழ்: அங்கே ஒன்பது மணி, இங்கே ஆறரை. அடுப்பும் வீட்டுப்பாடமும் ஒன்றாக ஓடும் நேரம் அது.

அடுத்தது இடம். அவர் அறையில் இன்னும் ஐந்தாறு பேர் படுத்திருக்கிறார்கள். இங்கே கூடத்தில் மாமியார். இந்த நிலைமையில் புருஷனும் பொண்டாட்டியும் என்னதான் பேச முடியும்? "சாப்டீங்களா, என்ன குழம்பு, வேற என்ன விசேஷம், ஒண்ணுமில்லை." கால் தினமும் வருகிறது, ஆனால் பிள்ளைக்கு இந்த வருஷம் யார் டீச்சர் என்று அவருக்குத் தெரியாது. நெருக்கம் குறைவது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும், சண்டையில் அல்ல.

இப்போது அவர்கள் செய்வது இது. ஏதாவது நடந்தால் நடந்த இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது, அதற்கு போட்டிம் போன்ற வேறு ஆப் வேண்டும். ஆனால் மெசேஜ் தடையில்லாமல் போகும். போன வருஷம் கார்த்திகை மழையில் சம்பா நட்ட வயலில் தண்ணீர் நின்றுவிட்டது. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. காலை எட்டு மணிக்கு இவள் வரப்பில் நின்றபடியே இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினாள்: "ஏங்க, கீழண்டை மூலையில பயிர் அழுகிடுச்சு, மேட்டுல நல்லா இருக்கு." அங்கே ஆறரை, அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக் கேட்டார். டீ இடைவேளையில் பதில் வந்தது. மேட்டில் நெருக்கமாக இருக்கும் குத்துகளைக் கலைத்துக் கீழே நடலாம், புதுசாக நாற்று வாங்க வேண்டாம், ஆனால் முதலில் தண்ணீர் வடியட்டும் என்றார். பழைய முறையில் இதே சேதி ராத்திரி "மழைங்க, கொஞ்சம் தண்ணி நின்னுச்சு" என்று சுருங்கியிருக்கும். இப்போது அந்த முடிவில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த நாள் "எத்தனை ஆள் வந்தாங்க?" என்று அவராகவே கேட்டார்.

வாரம் ஒரு நீண்ட பேச்சு ஞாயிற்றுக்கிழமை மதியம். பிள்ளை டியூஷன் போயிருக்கும், அவர் கேம்ப்பை விட்டு வெளியே நடந்துகொண்டே பேசுவார். சவூதி, குவைத் என்றால் அது வெள்ளிக்கிழமையாக இருக்கும். ஆசை, கோபம், அடுத்த லீவு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு. சண்டையை மட்டும் வாய்ஸ் மெசேஜில் போடக் கூடாது. கோபத்தில் சொன்னது போனிலேயே கிடக்கும், தனியாகப் படுத்திருப்பவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பிள்ளையுடன் மட்டும் தினமும் ஐந்து நிமிஷம் வீடியோ கால் உண்டு, அவர் பஸ்ஸில் திரும்பும்போது.

கல்யாணமாகி சில மாதத்தில் விமானம் ஏறியவர்களுக்கு இது சரிவராது. பழகவே நேரம் கிடைக்காதவர்களுக்குத் தினமும் முகம் பார்த்தாக வேண்டும். "எங்க இருக்கே, கேமராவைத் திருப்பு" என்று கேட்கும் ஆளுக்கு எந்த முறையும் உதவாது, அது வேறு நோய்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் இதோடு ஒட்டியதுதான். மாமனார் கணக்குக்குப் போகும் வீட்டில் உர மூட்டைக்கும் ஸ்கூல் பீஸுக்கும் மருமகள் கேட்டு நிற்க வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுக்க அந்தப் புகார்தான். நேராக மனைவி கணக்குக்கே அனுப்பலாம். சேமிப்பு தன் பேரில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கு வைத்துக்கொண்டு, உள்ளூர்ச் செலவுக்கு மனைவி எடுக்கும்படி வங்கியில் மேண்டேட் எழுதிக் கொடுக்கலாம். என் தங்கை வீட்டில் இரண்டாவது வழி. மாமனாருக்கு மாதா மாதம் ஒரு தொகையை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாள், அவருக்கும் அதில் குறையில்லை.