உதட்டைக் குவிக்காத பாட்டி: ரூபார்பில் 14 மாதம்

பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து செய்யும் வீடியோ விளையாட்டு இது. அதில் ஒரு பூக்காரப் பாட்டி வருகிறாள், அவளுக்கு 340 வசனம், எல்லாமே தமிழ். குரல் கொடுத்தது எங்கள் வீட்டு ஓனரின் அக்கா. பதிவான குரலிலிருந்து வாயசைவை எடுக்க ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவியைப் பதினான்கு மாதமாகப் பயன்படுத்துகிறேன். விளையாட்டு கோடோ எஞ்சினில் ஓடுகிறது.

கருவி செய்வது எளிய வேலைதான். ஒலிக்கோப்பைக் கொடுத்தால், எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை எந்த வாய் வடிவம் என்று ஒரு பட்டியல் தரும். A என்றால் உதடு மூடியது (ப, ம), D என்றால் நன்றாகத் திறந்தது (ஆ), F என்றால் குவிந்தது (ஊ), X என்றால் சும்மா இருப்பது. ஆங்கிலம் அல்லாத குரலுக்கு ஒலியை மட்டும் கேட்டு ஊகிக்கும் முறை தனியாக உண்டு:

```
rhubarb -r phonetic -f json -o patti_012.json patti_012.wav
```

இந்த முறைக்கு வசனத்தை எழுதிக் கொடுத்தாலும் பயன் இல்லை, அது எழுத்தைப் பார்க்காது. முதல் இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். தாளம் அருமையாக வந்தது. பேசும்போது வாய் அசைகிறது, நிறுத்தும்போது நிற்கிறது. ஆனாலும் பாட்டி பேசுவதைப் பார்த்தால் டப்பிங் படம் மாதிரியே இருந்தது. ஏன் என்று புரிய ஒரே ஒரு வசனத்தைப் பிடித்து உட்கார வேண்டியிருந்தது.

"எப்பா தம்பி, வீட்டுக்கு போனதும் காசு எடுத்துட்டு வரணும்." இதுதான் அந்த வசனம். அக்காவை மறுபடி கூப்பிட்டு, அவர் வாயை மொபைலில் வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். உதடு முழுதாக மூடியது மூன்றே இடத்தில்: எப்பாவின் ப்ப, தம்பியின் ம்ப, போனதும் என்பதன் போ. கருவி கொடுத்ததோ இரண்டு A. தம்பியை விட்டுவிட்டது, எப்பாவுக்கு 0.05 நொடி மட்டும் கொடுத்தது. வீடியோவில் அந்த ப்ப கிட்டத்தட்ட 0.16 நொடி மூடியே இருக்கிறது. இரட்டித்த மெய்யில் தமிழன் உதட்டை அழுத்திப் பிடித்து வைக்கிறான், அந்த நேரம் முழுக்க ஒலியே இல்லை, கேட்டு ஊகிக்கிற கருவிக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அதைவிட மோசமான தப்பு என் பக்கம் இருந்தது. வடிவத்துக்கு வடிவம் மென்மையாக மாற 0.1 நொடி கலப்பு வைத்திருந்தேன். 0.05 நொடி மட்டும் நிற்கும் A-வுக்கு 0.1 நொடி கலப்பு என்றால், உதடு பாதி மூடுவதற்குள் அடுத்த ஆகாரம் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கோப்பில் A இருக்கும், திரையில் இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ப வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், பல் தெரிந்தால் கலப்புதான் காரணம். இப்போது மூடுவதற்கு 0.04, திறப்பதற்கு 0.1 என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். எந்த A-வும் 0.07 நொடிக்குக் குறையக் கூடாது, அதாவது நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் மலிவு போனில் இரண்டு ஃபிரேம். அதற்கான நேரத்தை முந்தைய உயிரெழுத்திலிருந்து வெட்டிக்கொள்கிறேன், ஏனென்றால் உதடு மூடிய பிறகுதானே ப வெடிக்கும். பின்னாலிருந்து வெட்டினால் உடனே கண்ணுக்கு உறுத்தும்.

சரி, விட்டுப்போன தம்பிக்கு என்ன செய்வது? தமிழ்தான் எழுதுகிற மாதிரியே பேசுகிற மொழியாயிற்றே, எழுத்திலிருந்து ப, ம எல்லாவற்றையும் எடுத்து A போட்டுவிடலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இடம் காட்ட ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் கையால் குறித்தேன். அது புதிதாக ஒரு கூத்தைக் கொண்டுவந்தது. போனதும், வரணும் இரண்டிலும் கடைசியில் பாட்டி உதட்டை டப்பென்று மூடினாள். ஆனால் பேச்சில் கடைசி ம் எங்கே மூடுகிறது? மூக்கில் போய்க் கரைகிறது. வீடியோவில் அக்காவின் உதடு திறந்தேதான் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் மூடலாம், பூ விற்கிற பாட்டி மூடமாட்டாள்.

உகரம் இன்னொரு வேடிக்கை. அந்த ஒரு வசனத்தில் எட்டு உகரம் இருக்கிறது. எட்டுக்கும் F போட்டதில் பாட்டி சொல்லுக்குச் சொல் முத்தம் கொடுப்பது போல உதட்டைக் குவித்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிமேஷன் தம்பி அரை மணி நேரம் சிரித்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த குற்றியலுகரம்தான் விஷயம். காசு, எடுத்துட்டு என்று முடியும்போது உதடு குவிவதே இல்லை, கிட்டத்தட்ட பல் ஒட்டிய B வடிவம்தான். இலக்கணப்படி 'அது' முற்றியலுகரம், ஆனால் அக்கா பேச்சில் அதுவும் குவியவில்லை. ஆகவே என் விதி இலக்கண விதி இல்லை: சொல்லின் கடைசி உகரம் என்றால் B, முதல் அசையில் வருகிற ஊ, ஓ என்றால் F. அந்த வசனத்தில் இப்போது ஒரே ஒரு F இருக்கிறது, போ. வ-வுக்குக் கருவி சில இடத்தில் G கொடுக்கும், மேல்பல் கீழுதட்டைக் கடிக்கும் வடிவம் அது. தமிழ் வ அவ்வளவு கடிக்காது, G-யின் எடையைப் பாதியாக்கிவிட்டேன்.

ஆகவே இப்போதைய வழக்கம் இது: தாளமும் ஆ, எ போன்ற திறப்புகளும் கருவியிடமிருந்து, உதடு மூடுவதும் குவிவதும் எழுத்திலிருந்து. இரண்டும் முரண்பட்டால் எழுத்துதான் ஜெயிக்கும். ஒரு வசனத்துக்குக் கைவேலை நான்கைந்து நிமிடம் பிடிக்கிறது.

நேரப் பொருத்தத்தில் இரண்டு அடி வாங்கினேன். விளையாட்டின் சொந்தக் கடிகாரத்தை வைத்து வாயை ஓட்டினால் நீள வசனத்தில் விலகும், ஒலி எங்கே இருக்கிறதோ அதைத்தான் கேட்க வேண்டும்:

```
var t = player.get_playback_position() \
    + AudioServer.get_time_since_last_mix() \
    - AudioServer.get_output_latency()
```

புளூடூத் இயர்போனின் தாமதம் இதில் சரியாக வராது, அதற்கு அமைப்புகளில் ஒரு ஸ்லைடர் வைத்தோம். இன்னொன்று முழுக்க எங்கள் முட்டாள்தனம். வாயசைவுக் கோப்பெல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஒலியின் தொடக்கத்தில் இருந்த அமைதியை ஒருவர் அழகாக வெட்டிவிட்டார், ஒரு நாள் காலையில் பாட்டி முழுவதும் கால் நொடி பின்தங்கிப் பேசினாள். ஒலிக்கோப்பு மாறினால் பில்ட் நின்றுவிடும்படி அன்றைக்கே ஒரு சோதனை போட்டேன்.

பதிவும் முக்கியம். எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே சாலை. வசன நடுவில் அக்கா மூச்சு வாங்கும் இடைவெளியில் ஆட்டோ ஹாரன் அடித்தால், கருவி அதையும் பேச்சென்று எடுத்துக்கொண்டு பாட்டி வாயைத் திறந்துவிடுவாள். இரவு பதினொன்றுக்கு மேல், ஃபேனை நிறுத்தி, போர்வைக்குள் பதிவு செய்ததுதான் சுத்தமாக வந்தது. அக்கா இன்னும் அதற்காகத் திட்டுகிறார்.

சிரிப்பும் முணுமுணுப்பும் மட்டும் இந்த வழியில் வரவே இல்லை. "ஹஹ்ஹா" என்றால் கருவி C, D, C, D என்று மென்றுகொண்டே போகிறது. அந்தப் பதினேழு வசனங்களை அனிமேஷன் தம்பி கையால்தான் செய்கிறான், இன்னும் ஆறு பாக்கி.