பெரியப்பாவின் 6:10

இந்த முறை ஊருக்குப் போனது வீட்டு ஓடு மாற்றவும் பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு அலையவும்தான். அந்த இரண்டைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் பதினாறு நாள் பயணத்தில் நான்கு மணி நேரம்தான் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் இருப்பவன். ஊர் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. 6:10க்குப் பெரியப்பா வாசலில் நின்று பால்காரரோடு கணக்குத் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார், குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. 6:25க்குத் திண்ணையில் காபி டம்ளர் உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் வேட்டியெல்லாம் காபி, வலது கை மடியில் துணி மாதிரி கிடக்கிறது, வாயின் வலது ஓரத்தில் எச்சில் வழிகிறது. என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார், சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

சிங்கப்பூரில் ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் பற்றிய போஸ்டரை நூறு தடவையாவது பார்த்திருப்பேன், அதனால் செய்ய வேண்டியது ஞாபகம் வந்தது. சிரிக்கச் சொன்னேன், ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னேன், இடது கை நின்றது, வலது கை எழும்பவே இல்லை. 'வியாழக்கிழமை வாழைப்பழம்' என்று சொல்லுங்கள் என்றேன். (இந்த வாக்கியத்தை யாரும் தேர்ந்தெடுக்காதீர்கள், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நல்ல நாளிலேயே 'ழ' வராது. தினமும் பேசுகிற பேச்சிலிருந்து மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.) அவருக்கு எந்த எழுத்துமே வரவில்லை.

இங்கேயே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அடுத்த 25 நிமிடம் வீட்டுக்குள் மாநாடு நடந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி, "இது முகவாதம், காத்துப் பட்டிருக்கு, மூணு நாள்ல சரியாயிடும்" என்றார். இன்னொருவர் புறா ரத்தம் தடவினால் போதும் என்றார். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த விரல் நுனியில் ஊசி குத்தும் வித்தைக்கு ஒரு தம்பி குண்டூசியோடு வந்தே விட்டான். ஆச்சி சொன்ன முகவாதம் நிஜமாகவே தனி நோய்தான், அதில் முகத்து நரம்பு மட்டும்தான் கெடும். பெரும்பாலும் அந்தப் பக்க நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணை முழுதாக மூட முடியாது, ஆனால் கை கால் நன்றாக இருக்கும். கை விழுந்து பேச்சும் குழறினால் அதை முகவாதம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கவே கூடாது.

அக்கா பதறிப்போய், "அப்பா ரெண்டு வாரமா பிரஷர் மாத்திரை போடல தம்பி, இப்பக் குடுத்துடவா" என்று தண்ணீரோடு வந்தாள். நல்ல வேளை, அதைத் தடுத்துவிட்டேன். முகம் கோணியவருக்கு விழுங்குவதும் கெட்டிருக்கலாம், தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அதோடு அந்த நேரத்தில் பிரஷர் ஏறியிருப்பதில் ஒரு காரணமும் உண்டு. மூளையில் ரத்தக்குழாய் அடைபட்ட இடத்துக்கு எப்படியாவது ரத்தத்தைத் தள்ள உடம்பு முயல்கிறது, வீட்டில் வைத்து அதைச் சட்டென்று இறக்கினால் கெடுதல்தான். ஆஸ்பிரினும் அப்படித்தான், அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் சொல்வதற்கு முன் கொடுக்கக் கூடாது.

6:50க்குக் காரில் ஏற்றினோம். 'பக்கத்தில் இருக்கிறதே' என்று 7:10க்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். பளபளவென்று கட்டடம், சி.டி. ஸ்கேனும் இருந்தது. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். 7:35க்கு ஸ்கேன் முடிந்தது. 7:50க்குப் பணியிலிருந்த இளம் டாக்டர் வந்து, "ஸ்கேன் நார்மல் சார், பயப்பட ஒண்ணுமில்ல, டிரிப்ஸ் போட்ருக்கோம், பெரிய டாக்டர் பத்து மணிக்கு வருவார்" என்றார்.

அக்கா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதிதான் இந்தக் கதையிலேயே ஆபத்தான இடம் என்று பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஒரு நர்ஸ் இருக்கிறார், அவருக்குப் போன் போட்டு 'ஸ்கேன் நார்மலாம்' என்றேன். "நார்மல்னா ரத்தக்கசிவு இல்லைன்னு அர்த்தம், ஸ்ட்ரோக் இல்லைன்னு அர்த்தமில்ல. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதல் சில மணி நேரம் படத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், அந்தப் பகுதி செத்துக் கறுப்பாக மாறுவதற்கு நேரமாகும். அதாவது கை விழுந்து, பேச்சு போய், சர்க்கரையும் தாழாமல் இருந்து, ஸ்கேனும் 'நார்மல்' என்றால், அது வீட்டுக்குப் போகலாம் என்ற சேதி இல்லை. இவருக்கு ஊசி போடலாம், இன்னும் காப்பாற்றப் பாக்கி இருக்கிறது என்ற சேதி. (சர்க்கரை ஏன் என்றால், அது மிகவும் தாழ்ந்தாலும் இதே மாதிரி கை விழும், பேச்சு குழறும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரியப்பாவுக்கு 148.)

அந்த டாக்டரிடம் போய் நேராகக் கேட்டேன், இங்கே அந்த ஊசி போடுவீர்களா என்று. கொஞ்சம் தயங்கிவிட்டு, "இங்க வசதியில்ல சார், மதுரை போகணும்" என்றார். அதை 7:10க்கே சொல்லியிருக்கலாம். அவர் மேல் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை, கேட்காதது நான்தானே. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அடைத்தது எவ்வளவு பெரிய குழாய் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்த எண்ணை அங்கே நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தோடு பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போதுதான் 108. இதை மனசாரச் சொல்ல வேண்டும், அந்த இரண்டு பேரும் அருமை. பைலட் (டிரைவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். ஏறியதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" நான் 6:25 என்றேன். "அது நீங்க கண்டுபிடிச்ச நேரம் சார். அதுக்கு முன்னாடி நல்லாப் பேசி யார் பார்த்தா?" அப்போதுதான் பால்காரர் ஞாபகம் வந்து 6:10 என்றேன். கையுறை மேல் பேனாவால் அதை எழுதிக்கொண்டார்.

ஊசிக்கான கடிகாரம் அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. அதிலிருந்து நாலரை மணி நேரம் வரைதான் வழக்கமாகப் போடுவார்கள், அதற்குள்ளும் சீக்கிரம் போடப் போடப் பலன் அதிகம். யாராவது தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு எழுந்த நேரத்திலிருந்து இல்லை, ராத்திரி நன்றாகப் படுக்கப் போன நேரத்திலிருந்து. அப்படி வருகிறவர்களுக்கு எம்.ஆர்.ஐ. மாதிரி கூடுதல் பரிசோதனை செய்து பார்க்கும் பெரிய மருத்துவமனைகள் உண்டு, அதனால் நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது. எங்கள் கணக்கில் 6:10ஓடு நாலரை மணி நேரம் கூட்டினால் 10:40. புறப்பட்டது 8:25.

வழியிலேயே அந்தப் பெண் மதுரை மருத்துவமனைக்குப் போன் பண்ணி வயது, நேரம், எந்தப் பக்கம் விழுந்தது, பிரஷர் எவ்வளவு என்று எல்லாம் சொல்லிவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அக்கா மருந்து டப்பாவை மொத்தமாகப் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், அட்டைகளைப் பிரித்துப் பார்த்து இல்லை என்று சொன்னோம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த ஊசி பெரும்பாலும் ஆகாது. கையெழுத்துப் போட உரிமையுள்ள ஆள் வண்டியிலேயே வர வேண்டும் என்பதும் முக்கியம், அண்ணன் பின்னால் காரில் வருகிறேன் என்றதை அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவே இல்லை.

9:35க்கு மதுரை. வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது, வார்டுக்குப் போகாமல் நேராக ஸ்கேன் அறைக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதால் மறுபடி ஒரு சி.டி., கசிவு இல்லை. பிரஷர் 204க்கு 112. 185க்கு 110க்குக் கீழே வந்தால்தான் ஊசி, ஏனென்றால் அதற்கு மேல் இருந்தால் மூளையில் கசிவு வரும் வாய்ப்பு கூடும். அதை நரம்பில் மருந்து ஏற்றி, நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து மெதுவாக இறக்கினார்கள். இதற்கிடையில் டாக்டர் எங்களிடம், நூற்றில் ஆறு பேர் வரைக்கும் இந்த ஊசியாலேயே மூளையில் ரத்தம் கசியலாம், அது உயிருக்கும் ஆபத்தாகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். போடாவிட்டால் கை இப்படியேதான் இருக்குமா என்று அண்ணன் கேட்டார், இருக்கலாம் என்றார். யோசிக்க ஊருக்குப் போன் பண்ணட்டுமா என்றார் அண்ணன். அக்கா பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

10:05க்கு மருந்து ஏறியது. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், பெரியப்பா 62 கிலோ, கிட்டத்தட்ட 56 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. இன்னும் 35 நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் விரல்கள் அசைந்தன. மூன்றாம் நாள் பேச்சு புரிகிற அளவுக்கு வந்தது.

சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்தேன். காரைக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் ஆறு மருத்துவமனைகளுக்கு, வேண்டுமென்றே ராத்திரி பதினொரு மணிக்கு மேல், போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன்: இந்த நேரத்தில் சி.டி. எடுப்பீர்களா, ஸ்ட்ரோக்குக்குக் கட்டி கரைக்கும் ஊசி போடுவீர்களா? ஓரிடத்தில் யாரும் எடுக்கவில்லை. ஓரிடத்தில், "எந்த ஊசி சார், டிடியா?" என்றார்கள். இரண்டு இடத்தில் ஸ்கேன் உண்டு, ஊசி இல்லை. இரண்டு இடத்தில் இரண்டும் உண்டு, அதில் ஒன்று வயது என்ன, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று மறுகேள்வி கேட்டது. உண்மையான நோயாளி இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு பெயரையும் 108ஐயும் அக்கா தினசரிக் காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். நேற்று வீடியோ காலில் பெரியப்பா அதற்குக் கீழே உட்கார்ந்து சட்டைப் பட்டனை வலது கையால் போடப் பழகிக்கொண்டிருந்தார். மேல் பட்டன் இன்னும் வரவில்லை. பால்காரரோடு அந்த மாதக் கணக்கும் இன்னும் தீரவில்லையாம்.