வெறும் நோக்கக் கடிதமா, சில பத்திகள் மட்டும் கட்டுப்படுத்தும் கடிதமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவரும் பெருந்துறையில் சாயப்பட்டறை நடத்துபவரும் சேர்ந்து ஒரு பிரிண்டிங் யூனிட் போடப் பேசிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுப் பத்திரம் தயாராக இரண்டு மாதம் ஆகும். அதுவரை கையில் இருக்கப்போவது, கூட்டு சேரும் எண்ணத்தை எழுதிவைக்கும் நோக்கக் கடிதம்தான். அதை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் வகையில் யார் இடம் தருவது, யார் மெஷின் போடுவது, எந்தத் தேதிக்குள் பத்திரம் முடிப்பது என்பது மட்டும் இருக்கும். "இக்கடிதம் இருவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். நோக்கக் கடிதம் பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது என்பதே 1996இல் ராஜஸ்தான் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. எழுதச் சுலபம், விலகவும் சுலபம். ஆனால் சரக்கு வாங்கும் பையரின் பெயரையும் பீஸ் விலையையும் காட்டிய பிறகு எதிராளி நேராக அந்தப் பையரிடமே போய்விட்டால், இந்தக் கடிதத்தை வைத்து ஒன்றும் கேட்க முடியாது.

இரண்டாவது வகையில் நோக்கங்கள் அப்படியே கட்டுப்படுத்தாதவையாக இருக்கும். மூன்று பத்திகள் மட்டும் கட்டுப்படுத்தும்: பார்த்த விவரங்களை வெளியே சொல்லக்கூடாது, 60 நாள் இதே யூனிட்டுக்காக வேறு யாரிடமும் பேசக்கூடாது, டிரையல் செலவும் அட்வான்ஸும் யார் தலையில், எப்போது திரும்பும். எவை கட்டுப்படுத்தும் என்பதைப் பத்தி எண்ணோடு எழுத வேண்டும்:

"பத்தி 5, 6, 7 மட்டும் இருவரையும் கட்டுப்படுத்தும், மற்றவை கட்டுப்படுத்தாது."

இந்த வரி விட்டுப்போனால் வம்பு. கட்டுப்படும் எண்ணம் வாசகத்தில் தெளிவாகத் தெரிந்தால் நோக்கக் கடிதமும் ஒப்பந்தமாகலாம் என்று 2006இல் டிரெஸ்ஸர் ராண்ட் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆர்வத்தில் 60 நாளை நீட்டி, "கூட்டு அமையாவிட்டாலும் இரண்டு வருஷம் வேறு யாரோடும் இந்தத் தொழில் செய்யக்கூடாது" என்று எழுதுபவர்களும் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி தொழிலைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது.

பேச்சு மட்டும் நடக்கிறது, பணமோ ரகசியமோ கைமாறவில்லை என்றால் முதல் வகையே போதும். சாய ரெசிபியோ பையர் பட்டியலோ ஒரு ரூபாய் அட்வான்ஸோ நகர்ந்தால், வக்கீலுக்குச் செலவானாலும் இரண்டாவதையே எழுதுங்கள். முத்திரைத்தாளில் அடித்துவிட்டால் முதல் வகை இரண்டாவதாகிவிடாது, வாசகம்தான் பேசும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது. கடிதத்தில் "லாபம் 60:40" என்று போட்டுவிட்டு, பத்திரம் வருவதற்குள் ஆர்டர் எடுத்து ஓட்ட ஆரம்பிப்பார்கள். லாபத்தைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் மற்றவருக்காகவும் நடத்தும் தொழிலை 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் கூட்டாண்மையாகவே பார்க்கும். எழுத்துப் பத்திரம் கட்டாயமில்லை. அப்படியானால் இங்க் சப்ளையருக்கு ஒருவர் வைத்த பாக்கியை இன்னொருவரிடமும் முழுசாகக் கேட்கலாம். அதனால் கடிதத்தில் விகிதத்தைப் போட்டாலும், "பத்திரம் கையெழுத்தாகும்வரை கூட்டுப் பெயரில் ஆர்டர், பில், பேங்க் கணக்கு எதுவும் இல்லை" என்பதையும் கட்டுப்படுத்தும் பத்திகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.