ஒரே ஒரு போனில் மட்டும் வரும் பக்: எந்தப் படிவம் உதவுகிறது?

நெல் கொள்வனவுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். மூட்டையைத் தராசில் வைத்து, நிறையைப் பதிந்து, தராசு காட்டுவதைப் படமும் எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் கிளிநொச்சியில் இரண்டு பேர். சோதித்துப் பார்க்கிறவர்கள் மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் ஆறு பேர், கையில் ஆளுக்கொரு வகைப் போன். ஒட்டுசுட்டானில் இருக்கும் தங்கச்சியின் போனில் மட்டும் ஒரு பிரச்சினை வந்தது. அதைப் பிடிப்பதற்குள் மூன்று விதமான பக் படிவங்களை மாற்றிப் பார்த்துவிட்டோம். மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன், ஆனால் சமமாகச் சொல்லப்போவதில்லை, முதல் இரண்டும் எங்களுக்குச் சரிவரவில்லை.

முதலாவது, படிவமே இல்லாத படிவம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். "அண்ணை, படம் எடுத்திட்டுத் திரும்பி வந்தா வெறும் படிவம்தான் நிக்குது, நிறை எல்லாம் போட்டுட்டன், ஒண்டையும் காணேல்ல." இதில் ஒரு நன்மை உண்டு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், கேமராவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது. ஆனால் எத்தனை மணிக்கு, ஆப்பின் எந்தப் பதிப்பில், ஒவ்வொரு முறையும் வருகிறதா என்று எதுவும் இல்லை. நாங்கள் எங்கள் போன்களில் இருபது தடவையாவது எடுத்துப் பார்த்தோம், ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில் "உங்கட போனிலதான் ஏதோ பிழை" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். அப்படிச் சொன்னால் அந்த டெஸ்டர் அடுத்த முறை எதையும் அறிவிக்க மாட்டார்.

அதற்கு எதிர்வினையாக இரண்டாவது படிவத்தைச் செய்தோம், இருபத்திரண்டு கட்டங்கள். போன் மாடல், ராம், பில்ட் எண், திரை அளவு, எழுத்தளவு, பேட்டரி, சிக்னல் என்று கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டு வைத்தோம். வந்த பதில்களில் பாதி "தெரியாது", மீதி முந்தைய படிவத்திலிருந்து நகலெடுத்தது. மாடல் என்ற கட்டத்தில் எல்லாரும் பெட்டியில் அச்சடித்த பெயரை எழுதினார்கள். கடையில் ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணோடு, சில வேளை வேறு சிப்போடும் வரும், ஆகவே பெட்டிப் பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஆண்ட்ராய்டு 11" என்று எழுதுவதும் அதே கதைதான், போன் செய்த நிறுவனம் அனுப்பும் அப்டேட்டுகளுக்கு ஏற்ப உள்ளே நிறைய மாறும்.

நாங்கள் பிந்தி உணர்ந்தது இதைத்தான்: போனுக்கே தெரிந்த விஷயத்தை மனிதரிடம் கேட்கக் கூடாது. மாடல், பில்ட், ஆப் பதிப்பு, அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் நினைவகம், இதையெல்லாம் ஆப்பே எடுத்துப் படிவத்தின் தலையில் போட்டுக்கொள்ளலாம். கேபிள் கையில் இருந்தால் கணினியிலிருந்தும் பார்க்கலாம்:

```
adb shell getprop ro.product.model
adb shell getprop ro.build.fingerprint
```

மூன்றாவது படிவம் அப்படித்தான் வந்தது. மேலே ஆப் தானே நிரப்பும் நாலு வரி, கீழே டெஸ்டர் எழுத ஆறு வரி. அந்தத் தங்கச்சி நிரப்பி அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

```
தொடங்கும் முன்: ஆப் காலையில் திறந்தது, மூடவில்லை. இடையில்
  வாட்ஸ்அப், யூடியூப் பார்த்தேன்.
படிகள்: புதிய மூட்டை > நிறை 62.5 > படம் எடு > கேமரா > சரி
எதிர்பார்த்தது: நிறையும் படமும் தெரியும்
நடந்தது: படிவம் காலி, நிறையும் இல்லை, படமும் இல்லை
எத்தனைக்கு எத்தனை: 5 தடவையில் 3
வேறு போனில்: அக்காவின் போனில் அதே படிகள், 5 தடவையில் 0.
  நேரம் 10.42
```

முதல் வரியும் ஐந்தாவது வரியும்தான் முடிச்சை அவிழ்த்தன. யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார், மேலே ஆப் நிரப்பிய வரியில் ராம் 2 ஜிபி, மிச்சம் கொஞ்சமே. ஐந்தில் மூன்று என்றால் நிரலில் நேரான தவறு இருந்து எப்போதும் உடைகிற விஷயமல்ல, சூழ்நிலை சேர்ந்தால்தான் வருகிறது. கேமரா நிறைய நினைவகம் கேட்கும், இடம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு பின்னால் நிற்கும் எங்கள் ஆப்பைக் கொன்றுவிடும். திரும்பி வரும்போது ஆப் புதிதாக எழும்பும், நிறையும் பட முகவரியும் நினைவகத்தோடு போய்விட்டன. 8 ஜிபி ராம் உள்ள எங்கள் போன்களில் அந்தக் கொலை நடக்கவே இல்லை, இருபது தடவை பார்த்தும் வராததற்குக் காரணம் அதுதான்.

இனி அதைக் கிளிநொச்சியில் மேசையிலேயே வரவைக்க வேண்டும். டெவலப்பர் அமைப்பில் உள்ள Don't keep activities என்பதை முதலில் போட்டுப் பார்த்தோம், வரவில்லை. அது திரையைத்தான் அழிக்கிறது, ஆப்பின் செயலாக்கத்தைக் கொல்வதில்லை. நாங்கள் நிறையை வைத்திருந்ததோ ஆப் முழுவதற்கும் பொதுவான ஒரு பொருளில், அது பத்திரமாகத் தப்பிவிட்டது. அப்புறம் கேமரா திறந்திருக்கும்போதே இதை ஓடவிட்டோம் (கடைசியில் உங்கள் ஆப்பின் பெயர் வரும்):

```
adb shell am kill com.example.nel
```

"சரி" என்று தட்டித் திரும்பினால் காலிப் படிவம். பத்துக்குப் பத்து. நிறையையும் பட முகவரியையும், ஆப் கொல்லப்பட்டாலும் ஆண்ட்ராய்டு வைத்திருந்து திருப்பித் தரும் saved state-இல் எழுதி வைத்த பிறகு அதே கட்டளையை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம், நிறை 62.5 அப்படியே நின்றது.

வீடியோ கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். Show taps போட்டுத் திரைப்பதிவு செய்தால் எங்கே தட்டினார் என்பது நன்றாகத் தெரியும்தான். ஆனால் திரைப்பதிவும் நினைவகத்தைத் தின்னும், ராம் குறைந்த போனில் பதிவு ஓடும்போது பக் முன்னைவிட அடிக்கடி வரலாம். ஆகவே பதிவு இல்லாமல் எண்ணியதையே "எத்தனைக்கு எத்தனை" வரியில் எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு போட்டியாளர், போனே எடுத்துத் தரும் முழு அறிக்கை. பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் அமைப்பு திறக்கும், அங்கே Take bug report. உள்ளே லாக் இருக்கும், ஆப் எப்போது, ஏன் செத்தது என்றும் பார்க்கலாம். நேரத்தை நிமிடம் வரை எழுதச் சொல்வது இதற்காகத்தான், லாக்கில் 10.42-ஐத் தேடிப் போகலாம். ஆனால் லாக்கின் இடம் அளவானது, புதியது வர வர பழையது அழிந்துபோகும், மாலையில் எடுத்தால் காலையில் நடந்தது இருக்காது. அதோடு கோப்பு பல எம்பி இருக்கும், டெஸ்டரின் டேட்டாவைத் தின்னும். அதைவிடப் பெரிய விஷயம், போனில் உள்ள கணக்குகள், மற்ற ஆப்களின் விவரங்களும் அதில் இருக்கக்கூடும். தன் சொந்தப் போனில் சோதித்துத் தரும் ஒருவரிடம் இதை எல்லாப் பக்குக்கும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிவத்தை வைத்து எங்களால் வரவைக்க முடியாமல் போனால் மட்டும், என்ன போகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்கிறோம்.

மூன்றாவது படிவமும் எல்லாவற்றையும் பிடிக்காது. வெயிலில் களத்தில் நின்று போன் சூடேறும்போது மட்டும் தொடுதிரை தடுமாறுகிறது என்று மல்லாவியிலிருந்து ஒன்று வந்தது, அதற்கு எந்த வரியும் உதவவில்லை. ஆகவே இப்போது படிவத்தின் அடியில் ஏழாவதாக ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறோம்: "இந்தப் போனை ஒரு நாளைக்கு எங்களிடம் தர முடியுமா?"