யோசிக்கும் அப்பத்தா: கண்ணை நகர்த்துவதா, நிறுத்துவதா?

காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் வளவு. பேரன் கேட்கிறான்: "அப்பத்தா, வீட்டைக் குடுத்துரலாமா?" அவர் பதில்: "பங்காளிகளைக் கேட்டியா?" கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒன்றரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 36 பிரேம். அந்த இடைவெளியில் அவர் யோசிப்பதை அனிமேஷனில் இரண்டு விதமாகக் காட்டலாம்.

முதல் வழி, பார்வையை விலக்குவது. கேள்வி முடிந்து ஆறு பிரேம் வரை முகத்தில் ஒன்றும் நடக்கக் கூடாது. காதில் விழுந்தது உள்ளே போக அவ்வளவு நேரம் வேண்டும். அப்புறம் இரண்டே பிரேமில் கண் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்குப் போகிறது, அங்கே பத்துப் பன்னிரண்டு பிரேம் நிற்கிறது. தலை இரண்டு மூன்று பிரேம் பிந்தி லேசாகத் தொடர்கிறது. பிறகு தேக்குத் தூணுக்கு ஒரு தாவல், கடைசியில் ஒரு இமைப்போடு பேரனிடம் திரும்பி வாய் திறக்கிறார்.

இங்கே கெடுவது பெரும்பாலும் வேகத்தில்தான். அதே தாவலை எட்டுப் பிரேமுக்கு இழுத்தால் தூக்கக் கலக்கம் போலத் தெரியும். கண் கீழே போகும்போது மேல் இமையும் கூடவே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்து அப்பத்தா திடுக்கிட்டது போல ஆகிவிடும். (மேலே வலப்பக்கம் பார்த்தால் பொய், இடப்பக்கம் பார்த்தால் உண்மை என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. தளத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்க வையுங்கள்.)

இரண்டாம் வழியில் கண் பேரனை விட்டு நகராது. கீழ் இமை ஒரு நூல் உயர்கிறது, உதடு லேசாக அழுந்துகிறது, மூச்சு உள்ளே போகிறது. நடுவில் ஒரே ஒரு இமைப்பு: மூட இரண்டு பிரேம், மூடியபடி இரண்டு, திறக்க நான்கு. மூடுவதைவிடத் திறப்பது மெதுவாக இருப்பதுதான் இயல்பு. இந்த வழிக்கு எதிரி பொம்மை முகம். எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டால் ஷாட் செத்துவிடும். அதனால் தலையும் புருவமும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே பொருள் தருவதில்லை. முதல் வழியில் அப்பத்தா பதிலைத் தேடுகிறார். இரண்டாவதில் பதில் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, சொல்லலாமா என்றுதான் நிறுத்துப் பார்க்கிறார். "பங்காளிகளைக் கேட்டியா?" என்பது விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி. அதனால் குளோசப்பில் எனக்கு இரண்டாவதுதான் சரி. முதல் வழியில் செய்தால், விற்பதா வேண்டாமா என்று அவரே குழம்பியது போல ஆகிவிடும்.

வளவு முழுக்கத் தெரிகிற தூர ஷாட்டில் கீழ் இமை யார் கண்ணுக்கும் படாது. அங்கே தலையோடு சேர்ந்த ஒரே ஒரு பார்வை மாற்றம் போதும், தூணுக்குத் தாவுவதை எடுத்துவிடலாம்.